டம்ளரை மேலண்ட நகர்த்து

கேள்வி: நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறேன். என் மாமியார் சமையல்கட்டில்கூட "அந்த டம்ளரக் கொஞ்சம் மேலண்ட நகர்த்து" என்கிறார். இடது, வலது என்று ஏன் சொல்வதில்லை? இது வெறும் பழக்கமா, இல்லை மொழியியலில் இதற்கு விளக்கம் ஏதாவது உண்டா?

பதில்:

ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தரையில் வையுங்கள். அதன் நடுவில் ஒரு பொம்மை மாட்டுவண்டி. மாடு கிழக்கே பார்த்திருக்கட்டும். வண்டிக்கு வடக்கே ஒரு சாண் தள்ளி டம்ளர். நீங்கள் தாம்பாளத்துக்குத் தெற்கே, வடக்கு முகமாக உட்காருங்கள்.

இப்போது டம்ளர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் மூன்று விதமாகச் சொல்லலாம். "வண்டிக்குப் பின்னால்" என்றால் சரி. உங்களுக்கும் டம்ளருக்கும் நடுவில் வண்டி இருக்கிறது. "வண்டிக்கு இடப்பக்கம்" என்றாலும் சரி. கிழக்கே பார்க்கும் வண்டிக்கு வடக்குதான் இடப்பக்கம். "வண்டிக்கு வடக்கே" என்றாலும் சரி. பொருளும் இடமும் ஒன்றுதான். ஆனால் மூன்று வாக்கியமும் மூன்று வேறு அச்சில் சுழல்கின்றன. முதலாவது உங்கள் உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டாவது வண்டியின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மூன்றாவது இரண்டையும் விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மொழியியலில் இவற்றை ரிலேட்டிவ், இன்ட்ரின்சிக், அப்சல்யூட் என்பார்கள். நாம் இங்கே பார்ப்பவர் சார்ந்தது, பொருள் சார்ந்தது, திசை சார்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலண்ட என்றால் மேற்குப் பக்கம். ஆகவே உங்கள் மாமியார் பேசுவது மூன்றாவது வகை.

வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் எது எந்த வகை என்று எப்போதும் தெரியாது. சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். மேலே சொன்ன அமைப்பை வைத்துக்கொண்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில் வண்டியையும் டம்ளரையும் தொடாமல் நீங்கள் மட்டும் எழுந்து வடக்குப் பக்கம் போய்த் தெற்கு முகமாக உட்காருங்கள். இப்போது டம்ளர் உங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் வந்துவிட்டது. "பின்னால்" பொய்யாகி "முன்னால்" ஆகிவிட்டது. "இடப்பக்கம்", "வடக்கே" இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, வண்டியை மட்டும் இருந்த இடத்திலேயே மேற்குப் பார்க்கத் திருப்புங்கள். இந்த முறை அடிவாங்குவது "இடப்பக்கம்". மேற்கே பார்க்கும் வண்டிக்கு வடக்கு வலப்பக்கம். மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

மூன்றாவதாக, வண்டியைப் பழையபடி கிழக்கே திருப்பி வைத்துவிட்டு, தாம்பாளத்தையே கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் வட்டம் திருப்புங்கள். மாடு இப்போது தெற்கே பார்க்கிறது, டம்ளர் வண்டிக்குக் கிழக்கே வந்துவிட்டது. "வடக்கே" போயிற்று. உங்களுக்கு டம்ளர் வண்டியின் பின்னால் இல்லை, பக்கவாட்டில் தெரிகிறது. அதனால் "பின்னால்" என்பதும் போயிற்று. "வண்டிக்கு இடப்பக்கம்" மட்டும் உண்மையாகவே இருக்கிறது.

ஆக, பார்ப்பவர் நகர்ந்தால் கெடுவது ஒன்று, பொருள் திரும்பினால் கெடுவது ஒன்று, இந்த இரண்டுக்கும் அசையாமல் மொத்த அமைப்பும் சுழன்றால் மட்டும் கெடுவது ஒன்று. நெதர்லாந்தில் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் உலகத்தின் பல மொழிகளை இந்த மாதிரிச் சுழற்சிகளை வைத்துத்தான் பிரித்துப் பார்த்தார்கள். அதில் தமிழும் ஒன்று. தமிழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். "கிராமத்தாருக்கு இடது வலது தெரியாது" என்று சிலர் நினைக்கிறார்கள். சோத்தாங்கை, நொட்டாங்கை என்று உங்கள் மாமியாரே தினமும் சொல்வார். அந்தச் சொற்கள் உடம்பின் உறுப்பைச் சொல்கின்றன. வண்டியின் இடப்பக்கம் போல அதுவும் பொருள் சார்ந்த பேச்சுதான். "சோத்தாங்கைல வலி" என்று சொல்பவர், நீங்கள் எங்கே நின்று கேட்டாலும் அதே கையைத்தான் சொல்கிறார். முகமே இல்லாத ஒரு பொருளுக்கு, உதாரணமாக ஒரு தென்னை மரத்துக்கு, என் உடம்பின் வலத்தைக் கடன் கொடுத்து "மரத்துக்கு வலப்பக்கம் பம்புசெட்டு" என்று சொல்லும்போதுதான் அது பார்ப்பவர் சார்ந்த பேச்சாகிறது. இந்தக் கடன் கொடுப்பது எல்லா மொழிச் சமூகத்திலும் வழக்கமில்லை. சொல் இருப்பது வேறு, சொல்லை இப்படி நீட்டிப் பயன்படுத்துவது வேறு.

கடன் கொடுக்கும் முறையிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மரம் என்னைப் பார்த்து நிற்பதாக நினைத்து, எனக்கும் மரத்துக்கும் நடுவில் இருப்பதை நாம் "மரத்துக்கு முன்னால்" என்கிறோம். நைஜீரியாவில் பேசும் ஹௌசா மொழியில், மரமும் நான் பார்க்கும் பக்கமே பார்க்கிறது என்று வைத்துக்கொண்டு, மரத்துக்கு அப்பால் இருப்பதை "முன்னால்" என்பார்கள். நினைத்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான், வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நிற்பவருக்கு முன்னால் என்றால் அவருக்கும் அந்தப் பக்கம் தானே?

நம் ஊரில் பொருள் சார்ந்ததும் பார்ப்பவர் சார்ந்ததும் முட்டிக்கொள்ளும் இடம் கோயில். அர்த்தநாரீசுவரர் சிலை முன்னால் நின்று பாருங்கள். அம்பாள் சுவாமிக்கு இடப்பாகம். உங்கள் கண்ணுக்கு அவள் இருப்பதோ வலப்பக்கம். கோயில் பேச்சில் இடம், வலம் எல்லாம் மூர்த்தியின் உடம்பைக் கொண்டு சொல்வது. பக்தன் நிற்கும் இடத்தைக் கொண்டு சொல்வதல்ல. கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களில் பலர் புகைப்படத்தைப் பார்த்து எழுதி இதைக் குழப்பிவிடுவார்கள். "வடக்குக் கோட்டத்தில்", "தெற்கு முகமாக" என்று எழுதினால் இந்தச் சிக்கலே வராது. தட்சிணாமூர்த்தி எங்கே என்று எந்த அர்ச்சகரைக் கேட்டாலும் தெற்கு என்றுதான் பதில் வரும். டெல்டாவில் பாதி ஊர் கோயிலைச் சுற்றி எழுந்தது. கீழவீதி, மேலவீதி, வடக்குவீதி, தெற்குவீதி என்று தெருவுக்கே திசையைப் பெயராக வைத்த ஊரில் வளர்ந்த குழந்தைக்குத் திசை ஒரு பாடம் இல்லை, விலாசம். அக்ரகாரத்தில் வடசிறகு, தென்சிறகு என்று தெருவின் இரண்டு வரிசைக்கும் பெயர் உண்டு.

ஆனால் தெருப்பெயர் மட்டும் போதாது. பழக்கத்தை ஊன்றிவிட்டது வயல் என்பது என் கணிப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காவிரிப் பாசனப் பகுதி நிலத்துக்கு விலாசம் எழுதும் முறை ஒன்று உண்டு. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதிரம் என்று போகும். கண்ணாறு சிறு வாய்க்கால், சதிரம் சதுரமான நிலத்துண்டு. வதி வடக்குத் தெற்காக ஓடும் கோடு. வாய்க்கால் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் கண்ணாறும் சதிரமும் உங்களை நேராக அந்த வயலில் கொண்டு நிறுத்தும். பள்ளிக்கூடத்தில் வரைபடத்தாளில் x, y என்று போட்டோமே, கிட்டத்தட்ட அதேதான். இதில் பார்ப்பவர் என்று ஒருவர் எங்கும் கிடையாது. வயலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. திசை சார்ந்த முறைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைய பத்திரத்திலும் அந்த வாடை இருக்கிறது. "இதற்கு நான்குமால்" என்று நான்கு எல்லையையும் சொல்லத் தொடங்கி, "வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று எழுதுவார்கள். இங்கே புதிதாகப் படிப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். பங்கு பிரித்தபோது எங்கள் பத்திரத்தில் "வாய்க்காலுக்கு வடக்கு" என்று இருந்ததைப் படித்துவிட்டு, வாய்க்கால் நிலத்தின் வடக்கே இருக்கிறது என்று நினைத்து ஒரு படம் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். அங்கே வாய்க்கால் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டே, "டேய், வாய்க்காலுக்கு வடக்க இருக்கறது நம்ம நெலம்டா" என்றார். எதைக் கொண்டு எதைச் சொல்கிறோம் என்பதில்தான் தடுமாறியிருந்தேன். வேற்றுமை உருபைப் பாருங்கள். "வாய்க்காலுக்கு வடக்கு" என்றால் வாய்க்கால் முளைக்குச்சி; அதிலிருந்து வடக்கே போனால் நிலம். "வடக்கில் வாய்க்கால்" என்றால் நிலம் முளைக்குச்சி. அதிலிருந்து வடக்கே போனால் வாய்க்கால். சில பத்திரங்களில் முதல் பாணி, சிலவற்றில் இரண்டாவது பாணி. "கு" என்ற உருபைக் கவனிக்காமல் திசையை மட்டும் படித்தால் வரைபடம் தலைகீழாகிவிடும்.

கிழக்கு, மேற்கு என்ற சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரியும் நாட்டில் இது இயல்பான பெயர். கல்லணையில் பிரிந்த தண்ணீர் பூம்புகார் பக்கம் போவதும் அந்தக் கீழ்நோக்கித்தான். அப்படியென்றால் உங்கள் மாமியார் "மேலண்ட" என்னும்போது உயரமான பக்கத்தைச் சொல்கிறாரா? இல்லை. சமையல்கட்டுத் தரை மட்டமாக இருந்தாலும், ஏன், மேற்குப் பக்கம் பள்ளமாகவே இருந்தாலும், அவருக்கு அது மேலண்டைதான். இதற்குச் சாட்சி மலையாளம். கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. நிலம் சரிவதைப் பார்த்தால் பெயர் மாறியிருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் மலை இருக்கும் பக்கம் கிழக்குதான். மேற்கை மட்டும் சூரியன் படியும் பக்கம் என்று படிஞ்ஞாறு ஆக்கிக்கொண்டார்கள். சொல் சரிவில் பிறந்தது, பிறகு சரிவை விட்டுவிட்டது.

மெக்சிகோவின் மலைநாட்டில் தெனேஜபா என்ற ஊரில் பேசும் ட்செல்டால் மொழியில் இந்த விட்டுவிடுதல் பாதியில் நிற்பதைப் பார்க்கலாம். அவர்கள் "மேட்டுப்பக்கம்", "பள்ளப்பக்கம்" என்றுதான் மேசைமேல் இருக்கும் பாட்டிலைக்கூடச் சொல்கிறார்கள். அந்த ஊர் மொத்தமாகத் தெற்கு மேடு, வடக்குப் பள்ளம். மட்டமான மேசையிலும் வடக்குப் பக்கம் இருப்பது "பள்ளப்பக்கம்" தான். அவர்களுக்குச் சொல்லில் இன்னும் மலை தெரிகிறது. நம் காதில் கிழக்கில் "கீழ்" கேட்பதே இல்லை.

நம் பேச்சில் சரிவை விடாத சொற்களும் இருக்கின்றன: தலைமடை, கடைமடை. இவை தண்ணீர் ஓடும் போக்கைக் கொண்டவை. பெரும்பாலும் தலைமடை மேற்கே, கடைமடை கிழக்கே அமைவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். பிரிவு வாய்க்கால் ஒன்று தெற்கே திரும்பும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். தலைமடை வடக்கே போய்விடும். மேற்கு நகராது. அதேபோல வடகரை, தென்கரை. தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று எண்ணுவார்கள். ஆறு ஓரிடத்தில் வளைந்து கரை உண்மையில் கிழக்கும் மேற்குமாக ஆகிவிட்டாலும் அந்த ஊர் வடகரை ஊர்தான். பொதுப்பணித்துறைப் பொறியாளர் இதே கரைகளை வலதுகரை, இடதுகரை என்பார். அவர் ஆறு ஓடும் பக்கம் முகம் வைத்துச் சொல்கிறார், ஆற்றுக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டார். அது பொருள் சார்ந்த முறை. ஒரே கரை, இரண்டு கணக்கு. "அந்தாண்ட", "இந்தாண்ட" என்பவை இந்த மூன்றிலும் சேராது. அவை தூரத்தையும் பக்கத்தையும் சுட்டுகின்றன, கோணம் எதையும் சொல்வதில்லை.

வீட்டுக்குள் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. "கொல்லப்பக்கம் நகர்த்து" என்று மாமியார் சொன்னால் அது திசையா? தெருவில் ஒரே வரிசை வீடுகளுக்குள் கேட்டால் பிரித்தறிய முடியாது, எல்லா வீட்டுக் கொல்லையும் ஒரே திசையில் இருக்கும். எதிர்ச்சிறகு வீட்டுக்கு அவரை அழைத்துப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். கொல்லை எதிர்த்திசைக்குப் போய்விடும், மேலண்டை போகாது. வீட்டைத் திருப்ப முடியாது என்பதால் ஆளை வேறு வீட்டுக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

சரி, இது வெறும் பேச்சுப் பழக்கமா, இல்லை மனசுக்குள்ளும் அப்படித்தான் பதிகிறதா? உங்கள் கேள்வியின் கனமான பகுதி இது. இதைப் பார்க்க நைமேகன் குழு செய்த சோதனை எளிமையானது. பேசவே வேண்டாம். கொலு பொம்மையை வைத்து வீட்டிலேயே செய்யலாம். ஒரு மேசை முன்னால் வடக்கு முகமாக நில்லுங்கள். மேசையில் மேற்கிலிருந்து கிழக்காக யானை, பசு, குதிரை. மூன்றும் கிழக்கே பார்த்து நிற்கின்றன. உங்கள் கண்ணுக்கு இடமிருந்து வலமாக யானை, பசு, குதிரை, எல்லாம் வலப்பக்கம் பார்க்கின்றன. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி, பொம்மைகளை எடுத்துவிட்டு, அரை நிமிடம் கழித்து ஆளை அப்படியே முழுக்கத் திருப்பி, எதிரே இருக்கும் இன்னொரு மேசைக்குக் கூட்டிப்போங்கள். இப்போது அவர் தெற்கு முகமாக நிற்கிறார். "முன்ன இருந்த மாதிரியே வை" என்று பொம்மைகளைக் கையில் கொடுங்கள். திசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

பார்ப்பவர் சார்ந்து பதித்தவர் மறுபடியும் இடமிருந்து வலமாக யானை, பசு, குதிரை என்று, முகம் வலப்பக்கமாக வைப்பார். தெற்கு முகமாக நிற்பவருக்கு வலம் மேற்கு, ஆகவே பொம்மைகள் மேற்கே பார்க்கும். திசை சார்ந்து பதித்தவர் யானையைத் தன் வலக்கைப் பக்கம், குதிரையை இடக்கைப் பக்கம் வைத்து எல்லாவற்றையும் இடப்பக்கம் பார்க்க வைப்பார். அவருக்கு அவை இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. இருவருமே தான் வைத்ததுதான் "அதே மாதிரி" என்று சத்தியம் செய்வார்கள். பலமுறை, வரிசையை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒருமுறை என்றால் தற்செயலாகவும் இருக்கலாம்.

டச்சு மொழி பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விதம், ட்செல்டால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது விதம். தமிழில் இதை ஆராய்ந்தவர் எரிக் பீடர்சன். அவர் கண்டது எனக்கு இன்னும் சுவாரசியம். ஒரே தமிழ், ஒரே இலக்கணம், கிழக்கு மேற்கும் இடது வலதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைக்கெட்டும் தூரத்துப் பொருளைச் சொல்லும்போது கிராமத்தவர் திசையைக் கொண்டு பேசினார்கள், நகரத்தவர் இடம் வலத்தைக் கொண்டு பேசினார்கள். பேசாமல் செய்யும் சோதனையிலும் அந்தந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அவர் ஆராய்ந்தது மதுரைப் பக்கம், டெல்டா இல்லை. அவர் முடிவுகள் 1990-களின் நடுவில் வெளிவந்தன. 1998-ல் லாங்குவேஜ் என்ற ஆய்விதழில் பல மொழிகளை ஒப்பிட்டு வந்த கூட்டுக் கட்டுரைக்கும் முதல் ஆசிரியர் அவர்தான். உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அந்த ஆராய்ச்சியில் அப்படியே இருக்கிறது என்று சொல்லலாம்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002-ல் அமெரிக்க மாணவர்களை வைத்து இதே மாதிரிச் சோதனை செய்தார்கள். வெறும் அறையில் மாணவர்கள் இடம் வலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேசைகளின் ஓரத்தில் வாத்துப் பொம்மை ஒன்றை அடையாளமாக வைத்ததும், அதே மாணவர்கள் வாத்து இருக்கும் இடத்தைப் பொறுத்து மாற்றி வைத்தார்கள். ஆக இது மொழியின் வேலை இல்லை, சுற்றுப்புறத்தில் அடையாளம் இருக்கிறதா என்பதுதான் காரணம். வெளியில் வயலையும் மலையையும் பார்த்து வாழ்பவர் திசையைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன என்பது அவர்கள் வாதம்.

லெவின்சன் தரப்பு பதில் நம் தாம்பாளத்தோடு தொடர்புடையது. "யானை வாத்தைப் பார்த்துப் போகிறது" என்று மனதில் பதித்தால் அது திசை சார்ந்தது அல்ல, பொருள் சார்ந்தது. முழுக்கத் திருப்பும் சோதனையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாமல் போகலாம் என்றார்கள். பிரிக்க ஒரு வழி, ஆளை அரைவட்டம் திருப்பாமல் கால்வட்டம் மட்டும் திருப்புவது. வடக்கே பார்த்தவரைக் கிழக்கே பார்க்க நிறுத்துங்கள். இடம் வலத்தைப் பதித்தவர் மறுபடியும் தன் எதிரே குறுக்காகத்தான் அடுக்குவார். திசையைப் பதித்தவர் யானையைத் தன் பக்கத்திலும் குதிரையை அப்பாலும் வைத்து, மூன்றும் தன்னைவிட்டு நேரே போவதுபோல அடுக்குவார். வாத்தைப் பதித்தவர் வாத்து எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து அடுக்குவார். நீங்கள் வீட்டில் செய்வதானால் கால்வட்டமாகவே செய்யுங்கள், வரிசை குறுக்கா நெடுக்கா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு என்னவென்றால், மொழி மூளையைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்பது மிகை. இரண்டு முறையும் எவருக்கும் முடியும். ஆனால் பேச்சில் திசையைச் சொல்ல வேண்டும் என்றால், சொல்கிறவர் எந்நேரமும் திசையைக் கணக்கு வைத்திருந்தே ஆக வேண்டும். பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லும்போதுகூட. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குகு யிமிதிர் என்ற மொழி உண்டு. 1770-ல் கேப்டன் குக் கப்பல் ஒதுங்கியபோது கங்காரு என்ற சொல்லை எடுத்தது அங்கிருந்துதான். அந்த மொழி பேசிய முதியவர் ஒருவர் தன் படகு கவிழ்ந்த கதையை 1980-ல் ஜான் ஹேவிலண்ட் என்ற ஆய்வாளரிடம் மேற்கு முகமாக உட்கார்ந்து சொன்னார். படகு புரண்டதைக் காட்டக் கையை முன்னால் உருட்டினார். 1982-ல் அதே கதையை லெவின்சனிடம் வடக்கு முகமாக உட்கார்ந்து சொன்னார். கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டும் கிழக்கிலிருந்து மேற்கு. அந்த மொழிக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் தூரத்து ஊர்களைச் சுட்டச் சொன்னபோது சராசரிப் பிழை 15 பாகைக்கும் குறைவு.

கணக்கு இருக்கிறதென்றால் கணக்குத் தப்பவும் செய்யும். அது எப்படித் தப்புகிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தந்த சாட்சி. என் அத்தை திருவிடைமருதூர் பக்கத்துக்காரர். சென்னையில் என் ஆறாவது மாடி வீட்டுக்கு ராத்திரியில் வந்து இறங்கினார், லிஃப்டில் இரண்டு முறை சுற்றி. மறுநாள் முழுக்க "தென்னண்ட ஜன்னலச் சாத்து" என்று கிழக்கு ஜன்னலைக் காட்டினார், "மேலண்ட ரூம்" என்று தெற்கு அறையைச் சொன்னார். ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இஷ்டத்துக்குத் தப்பவில்லை. எல்லாம் சரியாகக் கால்வட்டம், ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தது. உள்ளே இருந்த ஊசி ஒழுங்காக வேலை செய்கிறது. வைத்த இடம்தான் தப்பு. சாயங்காலம் மொட்டைமாடியில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, எனக்குத் திக்கு மாறிப்போச்சுடா" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஜன்னல்கூடத் தப்பவில்லை. இடது வலது பேசும் நான் தப்பினால் இப்படி மொத்தமாகத் தப்ப மாட்டேன், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கையை மாற்றிச் சொல்வேன்.

நடைமுறைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கிழக்கு முகமாக நின்று சமைப்பதாக இருந்தால், அடுப்பு முன்னால் நிற்கும்போது வடவண்ட உங்கள் நொட்டாங்கைப் பக்கம், தென்னண்ட சோத்தாங்கைப் பக்கம், மேலண்ட முதுகுப் பக்கம். முதல் மாதம் இப்படி மொழிபெயர்த்து ஓட்டிவிடலாம். ஆனால் இது அடுப்பு முன்னால் நிற்கும்வரைதான் செல்லும். பாத்திரம் தேய்க்கத் தொட்டிப் பக்கம் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். அதனால் கையை வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் திசையைப் பெயராக வையுங்கள். பரண் இருப்பது மேலச்சுவர், ஜன்னல் இருப்பது வடச்சுவர் என்று. டம்ளரை அந்தச் சுவர் பக்கம் தள்ளினால் போதும்.